பொதுமேடையில தொடக்கப் பிரார்த்தனை சொல்ல வர்ற சமயப் பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுவாமிஜிகளுக்கும், ஃபாதர், பாஸ்டர்மாருக்கும், இமாம்களுக்கும், பிக்குகளுக்கும், இன்னும் எந்த வழியில இருந்து வந்தாலும் பொதுமேடையில "முதல்ல ஐயா ரெண்டு வார்த்தை பிரார்த்தனை சொல்வாங்க"னு மைக் கொடுக்கப்படுற எல்லாருக்கும் வணக்கம்.

நான் விழா தொகுத்து வழங்குற ஆளு. உங்கள மேடைக்கு கூப்பிட்டுட்டு ஓரமா நின்னு கூட்டத்த பாக்குறது என் வேலைல ஒரு பகுதி. நீங்க கண்ண மூடிட்டு பேசுறதால உங்களுக்கு தெரியாத ஒண்ணு எனக்கு தெரியும், அந்த ஒரு நிமிஷத்துல கூட்டம் என்ன பண்ணுதுங்கறது. சில பேர் உங்க கூடவே உதடு அசைப்பாங்க, சில பேர் தரைய பாப்பாங்க, சில பேர் பக்கத்துல இருக்கிறவங்க எழுந்துட்டாங்களேனு பாதி எழுந்து பாதி உக்காந்து திண்டாடுவாங்க. அந்த திண்டாட்டம் எதனால வருதுனு தான் இந்த மடல்.

பொதுவா உங்களுக்கு சொல்லப்படுற அட்வைஸ் ஒண்ணே ஒண்ணு தான், "பல மதக்காரங்க இருக்காங்க, சாமி பேர் மட்டும் சொல்லாதீங்க". நீங்களும் மரியாதையா பேர எடுத்துட்டு "எல்லாம் வல்ல இறைவா"னு ஆரம்பிச்சிடுறீங்க, எல்லாருக்கும் பொதுவாயிடுச்சுன்னு நெனச்சுக்கறோம். ஆனா பிரச்சனை அந்த பேர்ல பாதி கூட இல்ல. யாரோட கடவுள்ங்கறது ரெண்டாவது கேள்வி. யார் பிரார்த்தனை பண்றாங்க, அவங்கள கேட்டுட்டு தான் சேத்துக்கிட்டீங்களாங்கறது தான் முதல் கேள்வி.

இதுக்கு நல்ல சாட்சி அமெரிக்காவுல நடந்த ஒரு வழக்கு. லீ எதிர் வைஸ்மன்னு பேரு. ராட் ஐலண்ட் மாகாணம், பிராவிடன்ஸ் நகரம், ஒரு நடுநிலைப் பள்ளியோட பட்டமளிப்பு விழா. 1986ல அங்க வழக்கு போட்ட வைஸ்மன் குடும்பத்து மூத்த பொண்ணு படிச்சு முடிச்சப்ப ஒரு பாப்டிஸ்ட் போதகர் வந்து இயேசுவுக்கு நன்றி சொல்லி ஜெபம் பண்ணார், அவங்க யூதக் குடும்பம், ஸ்கூல்கிட்ட ஆட்சேபம் சொன்னாங்க. 1989ல ரெண்டாவது பொண்ணு முடிக்கிறப்ப ஸ்கூல் என்ன பண்ணுச்சுன்னா ஒரு யூத ரப்பியையே கூப்பிட்டுச்சு. கூடவே பொது நிகழ்ச்சிகள்ல எப்படி பிரார்த்தனை சொல்லணும்னு வழிகாட்டுற ஒரு சின்ன கையேட்டையும் தலைமை ஆசிரியர் அவர்கிட்ட குடுத்து, எந்த மதத்தையும் சாராம இருக்கட்டும்னு கேட்டுக்கிட்டார். ரப்பியும் அழகா எழுதிட்டு வந்தார். பன்மைக்கு நன்றி, சிறுபான்மை உரிமைக்கு நன்றி, எல்லாரும் நியாயம் கேக்க முடியுற நீதிமன்றத்துக்கும் நன்றி. (அந்த நீதிமன்றத்துக்கு தான் இந்த பிரார்த்தனையே போச்சுங்கறது வேற விஷயம்.)

அந்தக் குடும்பம் அப்பவும் ஒத்துக்கல. கவனிங்க, அவங்களும் யூதர், பேசினவரும் யூதர், வார்த்தையில குத்துற மாதிரி ஒண்ணும் இல்ல. 1992ல உச்ச நீதிமன்றம் 5க்கு 4னு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. சாரம் என்னன்னா, பதினாலு வயசு பிள்ளைங்க தங்களோட பட்டமளிப்புக்கு வராம இருக்க முடியாது, வந்தா எழுந்து நிக்காம இருக்க முடியாது, நின்னா தானும் சேர்ந்து பிரார்த்தனை பண்ணதா தான் அர்த்தம் ஆகும், அரசாங்கப் பள்ளி அப்படி ஒருத்தர நிக்க வைக்கக் கூடாது. எவ்வளவு பக்குவமா எழுதினாலும் இத சரிபண்ண முடியலங்கறது தான் நமக்கான பாடம்.

இதே நாட்டுல நேர் எதிரா தெரியுற தீர்ப்பும் இருக்கு. நியூயார்க் மாகாணத்துல கிரீஸ்னு ஒரு ஊரு, அங்க ஊர்மன்றக் கூட்டத்த பிரார்த்தனையோட ஆரம்பிக்கிற வழக்கம். 2014ல அதே உச்ச நீதிமன்றம், இதுவும் 5க்கு 4 தான், பெரியவங்க கூடுற இடம், யாரையும் கட்டாயப்படுத்தல, அதனால பிரார்த்தனை குறிப்பிட்ட மதத்தோட மொழியிலயே இருந்தாலும் தப்பில்ல, வார்த்தைய திருத்துறது அரசாங்கத்தோட வேலையும் இல்லன்னு சொல்லிடுச்சு. ஆனா மத்தவங்கள மட்டம் தட்டுறதோ, மதம் மாற கூப்பிடுறதோ தொடர்ந்து நடந்தா கதை வேறன்னும் சொல்லுச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒண்ணு புரியும், சாமி பேர் வந்துச்சா இல்லையாங்கறத வச்சு மட்டும் ரெண்டுமே முடிவு ஆகல, கூட்டத்துல இருக்கிறவருக்கு வெளிய நிக்க இடம் இருந்துச்சாங்கறது தான் பெருசா எடை போடப்பட்டுச்சு. சட்டம் என்ன அனுமதிக்குதுங்கறது ஊருக்கு ஊரு மாறும், நான் அத பேச வரல, ஆனா அந்த கேள்வி எந்த மேடைக்கும் பொருந்தும்.

இப்ப நம்ம தமிழுக்கு வருவோம். தமிழ்ல "நாம்"னு சொன்னா கேக்குறவரும் உள்ள வந்துடுவார், "நாங்கள்"னு சொன்னா கேக்குறவர் வெளிய. பிரார்த்தனையில கடவுள்கிட்ட பேசுறதால இயல்பாவே "நாங்கள் உம்மை வணங்குகிறோம்"னு தான் வரும், அந்த "நாங்கள்"ல கூட்டம் மொத்தமும் உங்க பின்னாடி நிறுத்தப்பட்டுடுது. அரங்கத்துல இருக்கிற முன்னூறு பேர் சார்பா ஒரு கடவுள்கிட்ட நீங்க கையெழுத்து போடுறீங்க, அதுல எத்தன பேர் போடுவாங்கனு கேக்கவே இல்ல. பேர எடுத்தாச்சு, ஆனா "நாங்கள்" நிக்குது, அதான் அந்த பாதி எழுந்த ஆளோட சங்கடம்.

அடுத்தது "பல பெயர் கொண்ட ஒரே பரம்பொருளே"ங்கற வரி. மேடைல பாதி பேர் இத தான் பிடிச்சுக்கறீங்க, கேக்க ரொம்ப பரந்த மனசா இருக்கு. ஆனா எல்லா வழியும் ஒரே இடத்துக்கு தான் போகுதுங்கறதே ஒரு தனி நம்பிக்கை தானே. அத ஏத்துக்காத முஸ்லிம், கிறிஸ்தவர் நிறைய பேர் இருக்காங்க, படைச்ச கடவுள்னு ஒருத்தர் இல்லங்கற பௌத்தர், சமணர் இருக்காங்க, கடவுளே இல்லங்கறவங்க இருக்காங்க. அவங்க எல்லார் சார்பாவும் "எங்க நம்பிக்கை எல்லாம் ஒண்ணு தான்"னு நீங்க சொல்லிட்டா அது அணைக்கிற மாதிரி இருந்தாலும் அவங்க வித்தியாசத்த அழிக்கிறது தான். மூணு நாலு சாமி பேர வரிசையா சொல்றதும் தீர்வு இல்ல, லிஸ்ட்ல விட்டுப்போனவருக்கு தான் ரொம்ப சுருக்குனு இருக்கும், லிஸ்ட்டும் எங்கயும் முடியாது.

1986 அக்டோபர் 27 அன்னிக்கு போப் ரெண்டாம் ஜான் பால் இத்தாலில அசிசி நகரத்துக்கு பல மதத் தலைவர்கள கூப்பிட்டப்ப இந்த சிக்கல நேரா சந்திச்சாங்க. அவங்க எடுத்த நிலை, சேர்ந்து ஒரே பிரார்த்தனை சொல்லப் போறதில்ல, பிரார்த்தனைக்காக சேர்ந்து இருக்கப் போறோம்ங்கறது. ஒவ்வொரு மரபும் தன் பிரார்த்தனைய தன் மொழில சொல்லுச்சு, மத்தவங்க மரியாதையா கேட்டாங்க. உங்களுக்கு கிடைக்கிற ஒரு நிமிஷத்துல எல்லாரும் வர முடியாது, ஆனா அந்த நிலை ரொம்ப உதவும். உங்க மதத்த ஒளிச்சு வைக்க வேண்டியதே இல்ல. "நான் என் வழக்கப்படி வேண்டிக்கறேன், நீங்க உங்க வழியில"னு ஒரே ஒரு வாக்கியம் முன்னாடி சொல்லிட்டா போதும், அப்புறம் நீங்க "நான்"னு பேசலாம், உங்க சாமிய உங்க சாமின்னே சொல்லலாம், யாரையும் இழுத்த மாதிரி ஆகாது. என்னைக் கேட்டா யாருதுன்னே தெரியாத மழுப்பலான பிரார்த்தனைய விட இது ஆயிரம் மடங்கு நேர்மை.

தமிழ் நமக்கு இன்னொரு வசதியும் குடுத்திருக்கு, அந்த "-ட்டும்". "வலி குறையட்டும்", "மழை பெய்யட்டும்", "பொறுமை வரட்டும்". இதுல யார்கிட்ட கேக்குறோம்னு வாக்கியத்துக்குள்ள ஆளே தேவை இல்ல. நம்புறவருக்கு இது பிரார்த்தனையா கேக்கும், நம்பாதவருக்கு நல்ல வாழ்த்தா கேக்கும், ரெண்டு பேரும் பொய் சொல்ல வேண்டியதில்ல. "அருள் புரியும்", "தாரும்"னு எழுதின வரிய எல்லாம் "-ட்டும்"னு மாத்திப் பாருங்க, முக்கால்வாசி சிக்கல் அங்கயே கரையும்.

சும்மா சொன்னா புரியாது, ஒண்ணு செஞ்சே பாக்கலாம். ஒரு மருத்துவமனையில புது வார்டு திறப்பு விழானு வச்சுக்குவோம். டாக்டர், நர்ஸ், கட்டட வேலை செஞ்சவங்க, நோயாளிங்களோட குடும்பம், பணம் குடுத்தவங்க, சில அதிகாரிங்க. வழக்கமா வர்ற மாதிரி ஒரு பிரார்த்தனைய நானே எழுதிப் பாத்தேன்:

"எல்லாம் வல்ல தந்தையே, பல பெயர்களால் அழைக்கப்பட்டாலும் ஒருவராகவே இருப்பவரே, உம் பிள்ளைகளாகிய நாங்கள் அனைவரும் தலை வணங்கி நிற்கிறோம். இந்த மருத்துவமனையை உம் கருணையால் எழுப்பித் தந்தீர். இங்கே வருபவர்கள் உம்மேல் நம்பிக்கை வைத்து முழு குணம் பெற அருளும். நவீன மருத்துவம் மட்டுமே போதும் என்று எண்ணுவோரின் அகந்தையை நீக்கும். விழாத் தலைவருக்கும் நன்கொடையாளர்களுக்கும் நீண்ட ஆயுளையும் மென்மேலும் பதவிகளையும் தாரும்."

படிக்கும்போது நல்லா தான் இருக்கு. இப்ப அங்க உக்காந்திருக்கிறவங்களா மாறி கேளுங்க. "உம் கருணையால் எழுப்பித் தந்தீர்"னா செங்கல் சுமந்தவங்க எங்க போனாங்க? "நம்பிக்கை வைத்து முழு குணம் பெற"ன்னா, குணமாகாம போன ஒருத்தரோட மனைவி அந்த மூணாவது வரிசைல இருந்தா அவங்க புருஷனுக்கு நம்பிக்கை பத்தலனு தானே அர்த்தம் ஆகும். இந்த ஒரு வரி எத்தன பேர காயப்படுத்தும்னு யோசிச்சா எனக்கு சாமி பேர விட இது தான் பெரிய தப்பா தெரியுது. "அகந்தையை நீக்கும்"ங்கறது பிரார்த்தனையே இல்ல, கடவுள் பக்கம் முகத்த திருப்பிக்கிட்டு டாக்டருங்கள திட்டுறது, அவங்க பதில் பேசவும் முடியாது, ஏன்னா எல்லாரும் தலை குனிஞ்சிருக்காங்க. கடைசி வரி சுத்தமா நன்றியுரையோட வேலை.

(இந்த கடைசி ஆசை ரொம்ப பழசு. சிலப்பதிகாரம் ஆரம்பமே நிலா, சூரியன், மழைய போற்றி தான். எந்த சமயத்தாரும் தலையாட்டக்கூடிய தொடக்கம், ஆனா அதுலயும் நிலாவ சோழனோட வெண்குடையோட ஒப்பிட்டு ராஜாவ உள்ள கொண்டு வந்துடுறாங்க. காப்பியத்துல அது அழகு. மேடைல தலைவர் முன் வரிசைல உக்காந்திருக்கிறப்ப அதையே செஞ்சா ஜால்ரா.)

சரி, நான் திருத்தினது இப்படி வந்துச்சு:

"எல்லாருக்கும் வணக்கம். அடுத்த ஒரு நிமிஷம் நான் என் சமய வழக்கப்படி வேண்டிக்கப் போறேன். நீங்க உங்க வழியில வேண்டிக்கலாம், இல்ல அமைதியா இருக்கலாம். உக்காந்தே இருங்க.

இந்தக் கட்டடத்துக்கு கல் சுமந்தவங்களையும் வயர் இழுத்தவங்களையும் நன்றியோட நினைக்கிறேன். இங்க ராத்திரி கண் முழிக்கப் போறவங்களுக்கு கையும் மனசும் சோராம இருக்கட்டும். இந்தப் படுக்கையில படுக்கப் போறவங்களுக்கு வலி குறையட்டும். குணமாக முடியாதவங்க பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டும். வெளிய பெஞ்சுல காத்திருக்கிறவங்களுக்கு நல்ல சேதி வரட்டும், அது வராத நாள்ல தாங்குற தெம்பு வரட்டும். இத நான் வணங்குற இறைவன்கிட்ட கேட்டுக்கறேன். நீங்க நினைக்க வேண்டியத நினைக்க ஒரு 15 செகண்ட் அமைதியா இருப்போம்.

நன்றி."

அவ்வளவு தான். நிதானமா படிச்சா, அமைதியையும் சேத்து ஒரு ஒன்றரை நிமிஷம். அமெரிக்க பிரதிநிதிகள் சபையில விருந்தாளியா வந்து பிரார்த்தனை சொல்றவங்களுக்கு 150 வார்த்தைக்கு மேல வேணாம்னு வழிகாட்டுதல் இருக்கு, தமிழ் வார்த்தை நீளம்ங்கறதால நமக்கு அதுக்கும் கீழ தான் சரிப்படும். கடைசி வரி வரைக்கும் பாத்தீங்கன்னா ஒரே ஒரு இடத்துல தான் "இருப்போம்"னு எல்லாரையும் சேத்திருக்கேன், அதுவும் அமைதிக்கு மட்டும். அது ஒண்ணத்த தான் எல்லார்கிட்டயும் கேக்க முடியும்னு எனக்கு தோணுது. குறிப்பிட்டு சொல்றது எவ்வளவு வேலை செய்யுதுன்னும் பாருங்க, "மனிதகுலம் நலம் பெறட்டும்"னா யார் மனசுலயும் ஒண்ணும் ஒட்டாது, "வெளிய பெஞ்சுல காத்திருக்கிறவங்க"னா அங்க இருக்கிற எல்லாருமே ஒருநாள் அந்த பெஞ்சுல உக்காந்தவங்க தான். பொதுவா இருக்கணும்னு வெறும் பொத்தாம்பொதுவா பேசிடாதீங்க. சாமி விஷயத்துல தான் விட்டுக்குடுக்கணும், மனுஷங்க விஷயத்துல எவ்வளவு கிட்ட போறீங்களோ அவ்வளவு நல்லது.

அமைதிய பத்தி கொஞ்சம் சொல்லணும். ஐ.நா. பொதுச்சபையோட நடைமுறை விதிகள்லயே, கூட்டத்தொடரோட முதல் அமர்வு ஆரம்பிச்ச உடனேயும் கடைசி அமர்வு முடியுறதுக்கு முன்னாடியும் ஒரு நிமிஷம் பிரார்த்தனைக்கோ தியானத்துக்கோ அமைதி காக்கணும்னு இருக்கு. அது பழகின சபை. பொது விழா கூட்டத்துக்கு ஒரு நிமிஷ அமைதி ரொம்ப நீளம், இருபது செகண்ட்லயே செல்போன எடுக்க ஆரம்பிச்சிடுவாங்க, இருமல் வரும், பாவம் எதாவது குழந்தை சத்தமா ஒரு கேள்வி கேக்கும். அதனால எவ்வளவு நேரம்னு முன்னாடியே சொல்லிடுங்க, சொல்லாம விட்டா முடிஞ்சிருச்சா இல்ல மறந்துட்டாரானு கூட்டம் தவிக்கும். அவசரப்படாம மனசுக்குள்ள எண்ணுங்க, மேடைல நிக்கிறப்ப அஞ்சு செகண்ட் பதினஞ்சா தெரியும். முடிஞ்சதுனு தெரியுற மாதிரி ஒரு வார்த்தை வேணும், "நன்றி" போதும். உங்க மரபுல முடிக்கிற சொல் ஒண்ணு இருந்தா அத தாராளமா நீங்க சொல்லிக்கலாம், ஆனா சொல்லிட்டு கூட்டம் திருப்பி சொல்லணும்னு நிறுத்தி எதிர்பாக்காதீங்க, பாதி அரங்கம் சொல்லி பாதி அரங்கம் சும்மா இருந்தா யார் எந்தப் பக்கம்னு எல்லாருக்கும் முன்னாடி பிரிச்சு காட்டுன மாதிரி ஆயிடும்.

உடம்புக்கும் இதே தான். "எல்லாரும் எழுந்து, கண்ண மூடி, கை கூப்பி"னு சொல்றது சின்ன விஷயமா தெரியுது. ஆனா ஒருத்தர் வேண்டிக்கிறப்ப கைய ஏந்துவார், ஒருத்தர் தலை குனிவார், ஒருத்தருக்கு கை கூப்புறதே வழிபாடு, சக்கர நாற்காலில இருக்கிறவர் எழுந்திருக்கவே முடியாது. "உக்காந்தே இருங்க"ங்கறதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க, அவங்க உடம்பு அவங்களுக்கு தெரிஞ்சத செய்யும்.

இது எதுவும் சரிப்படாத இடமும் உண்டு, அதையும் சொல்லிடறேன். வந்தே ஆகணும்னு வந்தவங்க முன்னாடி, அதாவது பள்ளிப் பிள்ளைங்க, வேலைக்கு சேர்ந்த முதல் நாள் பயிற்சிக்கு வந்தவங்க, கைதிங்க, இவங்க முன்னாடி நீங்க எவ்வளவு நல்லா எழுதிட்டு வந்தாலும் "வெளிய போகலாம்"ங்கற வாய்ப்பு அவங்களுக்கு நெசமா இல்ல. அந்த மாதிரி அழைப்பு வந்தா பிரார்த்தனை வேணாம், சும்மா ஒரு வாழ்த்துரை தர்றேன்னு நீங்களே சொல்லிடுங்க. ஏற்பாடு பண்றவங்க முகம் கொஞ்சம் மாறும், பரவால்ல.

ஏற்பாட்டாளர்களுக்கும் இதுல பங்கு இருக்கு, எங்க ஆளுங்க தான் ரொம்ப மோசம். விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி போன் பண்ணி "ரெண்டு வார்த்தை"னு சொன்னா நீங்க பழக்கமான பிரார்த்தனைய தான் சொல்வீங்க, அதுல உங்க தப்பு என்ன இருக்கு. அதனால நீங்களே கேளுங்க. என்ன விழா, யார் யார் வர்றாங்க, வந்தவங்க விரும்பி வந்தாங்களா, எத்தன நிமிஷம், எனக்கு அடுத்து மேடைல என்ன. இந்த கடைசி கேள்விய யாருமே கேக்குறதில்ல. அமைதி முடிஞ்ச அடுத்த நொடி ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு போட்டா நீங்க சொன்ன மொத்தமும் போச்சு, அத தடுக்கிறது என் வேலை, ஆனா முன்னாடியே தெரிஞ்சா தான் சவுண்ட்காரர்கிட்ட சொல்லி வைக்க முடியும்.

அன்புடன்,
மேடை ஓரத்துல மைக்கோட நிக்கிற ஒரு தொகுப்பாளர்